என் ஐடியில் இன்னொருவர் செய்த பதிவு

வங்கிக் கிளையில் கிளார்க் வேலை பார்க்கும் யாருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். என் கணினி ஐடியில் இன்னொருவர் ஒரு வாடிக்கையாளரின் பணத்தைத் தவறான கணக்கில் பதிந்து, பழி என் மேல் வந்தபோது, முதல் நாள் என்ன செய்ய வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. கிளையில் எல்லோருக்கும் நடந்தது தெரியும். ஆனால் கடிதம் என் பெயருக்கு வந்ததும் எல்லோரும் தத்தம் மேசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவில், தென் கெடாவில், தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன நகரம். பெரும்பாலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர். கிளையில் மூன்று கௌண்டர்கள். இரண்டாவது என்னுடையது. மாதத் தொடக்கத்தில் தோட்டச் சம்பளம் கணக்கில் ஏறியதும் காலையிலிருந்தே கூட்டம் நிற்கும். ஏடிஎம் அட்டை வைத்திருந்தாலும் வயதானவர்கள் புத்தகத்தோடு கௌண்டருக்குத்தான் வருவார்கள்.

அந்தச் சமயத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருந்தான். அவனுக்குத் தனி ஐடி கேட்டு மனு போயிருந்தது, தலைமையகத்திலிருந்து வரவில்லை. ஆள் பற்றாக்குறை. அதனால் நான் சாப்பிடப் போகும்போதும் ஏடிஎம்மில் பணம் நிரப்பப் போகும்போதும் அவனை என் இருக்கையில் உட்காரச் சொன்னார் எங்கள் ஆபிசர். “ஐடி வர்ற வரைக்கும்தான், லாக் அவுட் பண்ணாம விட்டுட்டுப் போ” என்றார். ஒரு ஐடியை ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் திறக்க முடியும், ஆகவே அவன் தனியாக உட்கார்ந்து வேலை செய்யவும் வழியில்லை. நான் எழுந்தால் என் பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணி அவனிடம் ஒப்படைப்பேன். அதற்கென்று ஒரு கைமாற்றுப் புத்தகம் உண்டு. நேரம், தொகை, இருவர் கையெழுத்து. மாலையில் ஆபிசரும் அதில் கையெழுத்திடுவார். இந்தப் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தவறு நடந்த நாளில் அது தவறு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மாடு விற்ற பணம் 6,200 வெள்ளியைத் தன் சேமிப்புக் கணக்கில் போட வந்திருக்கிறார். புத்தகம் கொண்டு வரவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. தம்பியே சீட்டை எழுதி, பெயரைக் கணினியில் தேடியிருக்கிறான். நம் ஆட்கள் பெயர்தான் தெரியுமே. சொந்தப் பெயர் ஒன்றாகவே இருக்கும், அப்பா பெயரில் ஒருவருக்கு முனியாண்டி, இன்னொருவருக்கு முனுசாமி. திரையில் பெயர் நீளமாக இருந்தால் கடைசி எழுத்துகள் தெரியாது. அடையாள அட்டை எண்ணைப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். வரிசை வாசல் வரை நின்ற நேரம், அவன் மேலே வந்த பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். பணம் வேறு கிளையில் இருக்கும், முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்குப் போய்விட்டது.

மாலையில் பெட்டி சரியாக இருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பணம் குறைந்தால் அன்றைக்கே தெரியும். ஆனால் வாங்கிய பணமும் பதிந்த தொகையும் ஒன்றாக இருந்துவிட்டால், அது யார் கணக்கில் ஏறியது என்பதை மாலைக் கணக்கு முடிப்பு காட்டாது. “அன்றைக்கு டேலி ஆச்சே” என்ற வாதத்தை நம்பி உட்காராதீர்கள். இந்த வகைத் தவறு வாடிக்கையாளர் வந்து சொல்லும்போதுதான் வெளியே வரும், அதற்குள் சாட்சியங்கள் பாதி அழிந்திருக்கும்.

அப்படித்தான் ஆனது. பெரியவர் இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துப் புத்தகத்தைப் பதிய வந்தார். பணம் இல்லை. கையில் சீட்டின் பிரதி வைத்திருந்தார், அதில் அச்சான வரியில் என் ஐடி. அவர் என்னை ஏமாற்றுக்காரியாகப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “ஆயி, எங்க போச்சும்மா என் காசு” என்று கௌண்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. 6,200 வெள்ளியை ரொக்கமாகக் கொண்டு வந்த ஒரு பெரியவரை நான் மறக்கமாட்டேன். அப்போதே எனக்குப் பட்டது, இது என் கையால் நடந்தது இல்லை என்று. ஆனால் மனசுக்குப் பட்டது காகிதத்தில் எடுபடாது.

மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். கணக்குக்காரர் 3,500 வெள்ளியை எடுத்துச் செலவழித்துவிட்டார், மீதியை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது என்றார். ஒரு தாளை நீட்டினார். விடுபட்ட 3,500 வெள்ளியை மாதம் 500 வீதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று மலாயில் எழுதியிருந்தது. “கட்டிட்டா இங்கேயே முடிஞ்சிடும், மேலே போகாது” என்றார். என் கை நடுங்கியது. வீட்டில் சொன்னபோது அப்பா, “என் ஈ.பி.எஃப் காசுல கொஞ்சம் இருக்கு புள்ள, குடுத்துடலாம், ஊர்ல பேச்சு வரக் கூடாது” என்றார். முப்பது வருஷம் பால் வெட்டிய மனிதர். வங்கியில் மகள் வேலை செய்கிறாள் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்த இரவு நான் தூங்கவில்லை.

கையெழுத்துப் போடாமல் விட்டதற்குக் காரணம் தைரியம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர்க் கிளையில் இருந்த யூனியன் பிரதிநிதி அண்ணனுக்குப் போன் போட்டேன், அவர் சொன்ன முதல் வார்த்தை “எதிலயும் கையெழுத்து போடாதே தங்கச்சி.” அப்புறம்தான் விளக்கினார். பணம் கட்டச் சம்மதித்துக் கொடுக்கும் தாள், தவறு என்னுடையது என்று நானே எழுதிக் கொடுப்பது மாதிரி. பிறகு விசாரணை வைத்தால் அந்தத் தாளைத்தான் முதலில் மேசையில் வைப்பார்கள். அதுவுமில்லாமல் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24வது பிரிவு, சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. வங்கிக்கு வந்த நஷ்டத்தை முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள அதில் இடமில்லை. அதனால்தான் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார். பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் அதை வாங்கிக்கொண்டவர். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 73வது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. வங்கி அவரிடம் கேட்க வேண்டியதை, கேட்பது எளிது என்பதால் என்னிடம் கேட்டது.

மேனேஜரிடம் “கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் சார், தாளின் நகல் ஒன்று தாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். நகல் தரவில்லை. அன்று மாலையே நடந்த பேச்சை நேரத்தோடு எழுதி என் சொந்த மின்னஞ்சலில் எனக்கே அனுப்பி வைத்தேன். வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண் எதுவும் அதில் போடவில்லை. இதில் கவனமாக இருங்கள். பதற்றத்தில் வங்கி ஆவணத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனால், வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே கொண்டு போனதாகப் புதுக் குற்றச்சாட்டு வந்துவிடும், அது இதைவிடப் பெரியது.

காரணம் கேட்கும் கடிதம் ஒரு வியாழக்கிழமை மாலை கைக்கு வந்தது. மூன்று வேலை நாளில் பதில். கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூரில் இருக்கும் மனிதவளப் பிரிவுக்குச் சனியும் ஞாயிறும். யாருடைய நாட்காட்டிப்படி மூன்று நாள் என்று கடிதத்தில் இல்லை. நான் ஞாயிறு காலையிலேயே, ஆவணங்களைப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் நீட்டித்தார்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், கேட்காமல் நாள் தவறினால் பதில் சொல்ல மறுத்ததாக எழுதுவார்கள்.

கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் ஒரே வாக்கியத்தில் பின்னப்பட்டிருந்தன. கவனக்குறைவாகத் தவறான கணக்கில் பணம் பதிந்தேன் என்பது ஒன்று. என் ஐடியைப் பிறர் பயன்படுத்த விட்டேன் என்பது மற்றொன்று. இந்தப் பின்னல்தான் ஆபத்து. “நான் பதியவில்லை, தம்பி பதிந்தான்” என்று சொன்னால் இரண்டாவதை ஒப்புக்கொண்டதாக ஆகும். அதற்குப் பயந்து பேசாமல் இருந்தால் முதலாவது என் தலையில் நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்குகிறார்கள் என்று யூனியன் அண்ணன் சொன்னார். அவர் சொல்லிக் கொடுத்த வழி, இரண்டையும் பிரித்து, இரண்டு தலைப்பில் தனித்தனியாகப் பதில் எழுதுவது. பதிவைச் செய்தது யார் என்பது ஒரு கேள்வி. ஐடி பகிரப்பட்டது யார் உத்தரவில், யாருக்குத் தெரிந்து என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் சாட்சியம் வேறு வேறு.

முதல் கேள்விக்கு வருவோம். கணினிப் பதிவு சொல்வது ஐடி, கணினி எண், நேரம். அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது யார் என்று அது சொல்லாது. ஆகவே ஆளை இடத்தோடு கட்டும் வேறு பதிவுகளைத் தேட வேண்டும். சிசிடிவி அழிந்துவிட்டது, பழைய காட்சி மேல் புதுக் காட்சி எழுதப்பட்டுவிட்டது. கைமாற்றுப் புத்தகத்தில் அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லை. கூட்ட நாளில் எழுதாமல் விட்டிருக்கிறோம். அதைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இருந்த ஒரே நம்பிக்கை அது.

பிறகுதான் பதிவான நேரத்தைச் சரியாகப் பார்த்தேன். காலை 11.52. மாதத் தொடக்கத்தில் அந்த நேரத்தில் ஏடிஎம் காலியாகியிருக்கும். ஏடிஎம்மைத் தனி ஆள் திறக்க முடியாது. சாவி ஒருவரிடம், பூட்டின் எண் இன்னொருவரிடம். எங்கள் கிளையில் சாவி என்னிடம், எண் ஆபிசரிடம். எப்போது திறந்தோம், எவ்வளவு வைத்தோம், எப்போது மூடினோம் என்று ஒரு பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாளில் 11.35 முதல் 12.15 வரை என்று இருந்தது. அதாவது பெரியவரின் பணம் பதிவான நிமிடத்தில் நான் ஏடிஎம் அறையில், என்னை மாட்டிவிட்ட ஆபிசரோடு நின்று நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்போது கௌண்டரில் இருந்தது யார், யார் உட்கார வைத்தது என்ற கேள்வி அவரிடம் போயிருக்கும். அதனால் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட, அத்தனை வருஷம் ஒரே அறையில் பணம் எண்ணிய மனிதர் என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

பதிவேடு கையால் எழுதுவது, “நேரத்தைப் பிறகு சேர்த்து எழுதினாள்” என்று சொல்லலாம். அதனால் பதிலில் ஏடிஎம் எந்திரத்தின் சொந்தப் பதிவையும் கேட்டேன். பணம் நிரப்ப எந்திரத்தைச் சேவையிலிருந்து நிறுத்தும்போதும் மறுபடி இயக்கும்போதும் அதுவே நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அந்தப் பதிவு தலைமையகத்தில் இருக்கும், கிளையில் யாரும் தொட முடியாது. விசாரணையில் அதை எடுத்து வந்தபோது கையெழுத்து நேரத்துக்கும் அதற்கும் நான்கு நிமிட வித்தியாசம் இருந்தது. அதை வைத்து ஒருவர் கேள்வி கேட்டார். எந்திரங்களின் கடிகாரம் ஒன்றுக்கொன்று சில நிமிடம் தள்ளியிருப்பது சகஜம். என் விஷயத்தில் 11.52க்கு இரு பக்கமும் கால் மணிக்கு மேல் இடைவெளி இருந்ததால் நான்கு நிமிடம் எதையும் மாற்றவில்லை. உங்கள் விஷயத்தில் இடைவெளி குறைவாக இருந்தால், எந்தக் கடிகாரம் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது அசல் சீட்டு. எனக்குக் காட்டியது நகல். அசல் தேதிவாரியாகக் கட்டிப் பெட்டகப் பக்கத்து அறையில் கிடக்கும். அதில் கணக்கு எண்ணை எழுதிய கையெழுத்து என்னுடையதும் இல்லை, பெரியவருடையதும் இல்லை. ஓரத்தில் தம்பியின் சுருக்கொப்பம் மங்கலாக இருந்தது, நகலில் அது விழவேயில்லை. அசலைப் பார்க்காமல் எதற்கும் பதில் சொல்லாதீர்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது கேள்விக்கு, அந்த நாளில் வெறுமையாக இருந்த அதே கைமாற்றுப் புத்தகம் உதவியது. அதற்கு முந்தைய வாரங்களில் பக்கம் பக்கமாகத் தம்பி என் பெட்டியை வாங்கிக்கொண்ட கையெழுத்து, கீழே ஆபிசரின் கையெழுத்து. அவனுக்கோ ஐடியே இல்லை, மனு தலைமையகத்தில் கிடந்தது. ஐடி இல்லாத ஒருவன் தினமும் என் பெட்டியை வாங்கிப் பதிவு செய்தால், யார் ஐடியில் செய்தான் என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா? இதைக் கேள்வியாக எழுதவில்லை. தேதிகளை மட்டும் வரிசையாக எழுதி, மனு போன தேதியைப் பக்கத்தில் வைத்தேன்.

விசாரணைக்கு முன் என்னை இரண்டு வாரம் இடைநிறுத்தினார்கள், பாதிச் சம்பளத்தில். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14வது பிரிவு அதற்கு மேல் நிறுத்தவோ, பாதிக்குக் கீழே கொடுக்கவோ விடாது. குற்றம் நிரூபணமாகாவிட்டால் பிடித்த மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த இரண்டு வாரமும் வீட்டில் உட்கார முடியவில்லை. மார்க்கெட்டில் ஒரு அம்மா, “காசு விஷயமாமே” என்றார். தனியாகக் காடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் போனில், “ராஜினாமா பண்ணிட்டா பேரு கெடாது, நல்ல கடிதம் தர்றேன்” என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ராஜினாமா நானாக எழுதியது ஆகிவிடும், வற்புறுத்தினார்கள் என்று பின்னால் நிரூபிப்பது மிகவும் கடினம். வேலையை விட்டு நீக்கினால், 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 20வது பிரிவின்படி வேலையில் திரும்பச் சேர்க்கக் கேட்டுத் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள். மேல்முறையீட்டுக்கு வங்கியின் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்த நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு என்று அண்ணன் எச்சரித்தார்.

விசாரணையில் தம்பியைக் கூப்பிட்டார்கள். முதலில் நினைவில்லை என்றான். அசல் சீட்டைக் காட்டியதும் தலையைக் குனிந்து, “என் கையெழுத்துதான், அக்கா அப்ப ஏடிஎம்ல இருந்தாங்க” என்றான். அவனும் தோட்டத்துப் பிள்ளை, ஒப்பந்தம் முடிய சில மாதம்தான் இருந்தது. அவனைக் காப்பாற்ற வேண்டும் என்றும் எனக்கு இருந்தது, நான் அவனுக்காகச் சுமக்கவும் முடியாது என்றும் இருந்தது. பெயர் தேடும் திரை அப்பா பெயரை வெட்டிவிடுகிறது, அவனுக்கு முறையான பயிற்சி தரவில்லை என்பதையும் என் வாக்குமூலத்தில் சேர்க்கச் சொன்னேன். உண்மை அதுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

முதல் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. இரண்டாவதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வங்கியின் விதி எழுத்தில் தெளிவாக இருக்கிறது, யார் சொன்னாலும் ஐடியைக் கொடுக்கக் கூடாது என்று. உத்தரவிட்டவருக்கும் அதே கடிதம் போனதாகச் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. முழுதாகக் குற்றமற்றவள் என்று தீர்ப்பு வராததால் பாதிச் சம்பளத்தை உடனே தரவில்லை. யூனியன் கடிதம் போட்ட பிறகுதான் வந்தது. அந்த வருஷ போனஸ் குறைந்தது, சம்பள உயர்வு நின்றது. கூட்டிப் பார்த்தால் அவர்கள் என்னைக் கட்டச் சொன்ன 3,500 வெள்ளிக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அப்பா ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டினார். ஆனால் கட்டியிருந்தால் போனஸும் போயிருக்கும், தவறும் என் பெயரில் கோப்பில் இருந்திருக்கும்.

பெரியவருக்கு வங்கி முழுப் பணத்தையும் ஏற்றிவிட்டது, செலவழித்தவரிடம் தவணையில் வசூலிக்கிறது. இப்போது நான் எழுந்தால் லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழுகிறேன், வரிசை வாசலுக்கு வெளியே போனாலும். யாராவது ஐடி கேட்டால், “சார், ஒரு மின்னஞ்சலில் சொல்லிடுங்க” என்கிறேன். இதுவரை ஒருவரும் மின்னஞ்சல் அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து நீக்கக் கேட்டுக் கொடுத்த மனு யூனியன் மூலம் தலைமையகத்தில் இருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.